கட்டுப் பிரித்த பிறகு: கண்புரை நோயாளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை

கண்புரை ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை கட்டுப் பிரித்ததும் நோயாளிக்குச் சுவரில் இருக்கும் கடிகாரம் தெரிகிறது, பேரன் முகம் தெரிகிறது. சந்தோஷத்தில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். செவிலியர் பேச வேண்டியது அந்த நேரத்தில்தான். கேட்கிற மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள், பஸ் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருக்கும். கண் மருத்துவச் செவிலியர் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டிய வேலை இந்தப் பத்து நிமிடப் பேச்சு. ஆபரேஷன் செய்துகொண்டவரின் வீட்டாருக்கும் இதே விஷயங்கள் தெரிந்திருந்தால் நல்லது.

ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், அறுபத்தாறு வயது அம்மா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வலது கண்ணில் ஆபரேஷன். கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஆறு, ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு சிறு கீறல் போட்டு, புரையை எடுத்துவிட்டு, லென்ஸ் வைத்திருக்கிறார்கள். தையல் இல்லை. உள்ளிருந்து வரும் அழுத்தமே கீறலின் இரண்டு உதடுகளையும் ஒட்டி மூடிக்கொள்ளும்படி அதை அமைத்திருப்பார்கள். தையல் இல்லை என்று கேட்டதும் பலர் புண்ணே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். புண் இருக்கிறது. முதல் சில நாட்கள் கண்ணைக் கசக்கினாலோ, அடிபட்டாலோ, அழுத்தினாலோ அந்த உதடுகள் சற்றே விலகும். வெளியே இமை ஓரத்திலும் இமை முடியிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளுக்கு அந்த இடைவெளி போதும். ஆபரேஷனுக்குப் பிந்திய தொற்றில் பெரும்பாலான கிருமிகள் நோயாளியின் தோலிலிருந்தே வருகின்றன. கண்ணைத் தொடாதே, கசக்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்ற எல்லாத் தடைகளுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். காரணத்தைச் சொல்லிவிட்டால் தடைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சொட்டு மருந்து. மருத்துவமனைக்கு மருத்துவமனை அளவு மாறும். பரவலாக இருக்கும் ஒரு முறை, கிருமிக்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த மருந்தை முதல் வாரம் நாளுக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆறு வாரம் போடுவது. ஆறு முறை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று முடித்துவிடுவார்கள். காலை 7 மணி, 10 மணி, பகல் 1 மணி, மாலை 4 மணி, இரவு 7 மணி, 10 மணி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர் என்றால் சாப்பாட்டோடும், டீயோடும், விளக்கு வைக்கும் நேரத்தோடும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறும் ஐந்தும் நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் கூட்டினால் 21. ஏழு நாளால் பெருக்கினால் 147 சொட்டு. ஐந்து மில்லி பாட்டிலில் சொட்டின் பருமனைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 150 சொட்டு வரை இருக்கும். கன்னத்தில் வழிவதையும் சேர்த்தால் நாலாவது வாரத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. எப்படிப் பார்த்தாலும் இரண்டாவது பாட்டில் தேவைப்படும். இதை யாரும் சொல்லாததால், மருந்து தீர்ந்ததும் சிகிச்சையும் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி திரும்பக் கிளம்பும். கண் சிவந்து, வெளிச்சம் கூசும். நிறுத்தாமல் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. அதனால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். மிச்ச மருந்தைப் பத்திரப்படுத்தி, வயலில் நெல் பட்டுக் கண் சிவந்த மகனுக்குப் போட்டுவிடுகிற வழக்கம் இன்னும் ஆபத்தானது. நெல், வைக்கோல் பட்ட கருவிழியில் பூஞ்சைப் புண் இருந்தால், ஸ்டீராய்டு அதை வேகமாக வளர்த்துவிடும். ஆறாவது வாரம் முடிந்ததும் பாட்டிலைக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

போடும் முறையைச் சொல்லிக் காட்டினால் போதாது, அவர்களைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். நம் அம்மாவுக்கு மருமகள்தான் போடப் போகிறார் என்றால் மருமகளைக் கூப்பிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கலங்கலான மருந்தாக இருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி மேல் தண்ணீர் மட்டுமே விழும். அம்மாவைப் படுக்கவைத்து, மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையைக் கன்ன எலும்பின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இழுக்க வேண்டும். விரல் கண் உருண்டையின் மேல் படக் கூடாது. இமைக்கும் கண்ணுக்கும் நடுவே உண்டாகும் சின்னப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையிலோ முடியிலோ பட்டால் அங்கிருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய், அடுத்த வேளை கண்ணுக்கே திரும்பி வரும். இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம்: அந்தப் பள்ளம் ஒரு சொட்டைக்கூட முழுதாகத் தாங்காது, இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். போட்டதும் கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரத்துக் கண் முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இன்னொரு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து.

மருமகள் செய்யும்போது பாருங்கள். பாட்டில் நுனி இமையைத் தொடும், அல்லது பாதிப் பேர் கருவிழியின் மேலேயே நேராக விடுவார்கள். நோயாளி திடுக்கிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அங்கேயே திருத்துங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது சிஸ்டர்” என்றுதான் சொல்வார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கழுத்துக்குக் கீழே மறுநாளே குளிக்கலாம். தலைக்கு ஊற்றுவது டாக்டர் சொன்ன நாள் வந்த பிறகு, பொதுவாக ஒன்றிரண்டு வாரம் கழித்து. முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பீளை கட்டியிருந்தால் பஞ்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறிய பின் பிழிந்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக மூடிய இமையின் மேல் ஒரு முறை துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். பகலில் கறுப்புக் கண்ணாடி. தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும் என்பதால் முதல் வாரம் இரவில் பிளாஸ்டிக் மூடி. ஆபரேஷன் ஆன பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்குவது, விறகடுப்புப் புகையில் நிற்பது, கைக்குழந்தையை முகத்தருகே வைத்துக் கொஞ்சுவது மூன்றையும் கொஞ்ச நாள் தள்ளிப்போட வேண்டும். டிவி பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

பத்தியத்தைப் பற்றிக் கேட்காமலே பேசிவிடுங்கள். புளி, மீன், முட்டை கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். புண் ஆறுவதற்கும் புளிக்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரை நோயாளி பத்தியம் என்று பாதி வயிறு சாப்பிட்டு, மாத்திரையை மட்டும் முழுதாகப் போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் மருமகள் போன் செய்கிறார். “சிஸ்டர், அத்தைக்குக் கண்ணு உறுத்தலா இருக்குங்குறாங்க. மருந்து கூட ரெண்டு வேளை போடவா?”

ஆபரேஷனுக்குப் பிறகு மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், லேசான நீர்வடிதல், கொஞ்சம் சிவப்பு, வெளிச்சக் கூச்சம் எல்லாம் இயல்பு. அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். அதனால் முதலில் கேட்க வேண்டியது: “நேத்தைவிட இன்னைக்குக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” கூடியிருக்கிறது என்கிறார். அடுத்த கேள்வி பார்வையைப் பற்றியது. “இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டு, வலது கண்ணால மட்டும் பாக்கச் சொல்லுங்க. கட்டுப் பிரிச்ச அன்னைக்குத் தெரிஞ்ச அளவு தெரியுதான்னு கேளுங்க.” இடது கண்ணை மூடச் சொல்ல மறந்தால் அந்தக் கண்ணின் பார்வையை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிகிறது என்று சொல்லிவிடுவார். சற்று நேரத்தில் பதில் வருகிறது: “நேத்து காலண்டர்ல தேதி தெரிஞ்சுதாம். இன்னைக்கு வெள்ளையா மங்கலா இருக்காம்.”

இந்தப் பதிலுக்குப் பிறகு போனில் கேட்க ஒன்றுமில்லை. “இப்பவே கிளம்பி வாங்க, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். காலையில் பார்க்கலாம் என்றோ, கூட இரண்டு சொட்டு விடுங்கள் என்றோ சொல்லக் கூடாது. கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலோ அதை ஒட்டியோ அது தலைகாட்டும். டாக்டர் ஒளிக்கருவியில் பார்க்கும்போது கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளைக் கோடாகச் சீழ் தேங்கியிருப்பது தெரியலாம். கண்ணுக்குள்ளிருந்து சிறிது திரவத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, கிருமிக்கொல்லி ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். மணிக்கணக்கில் தாமதமானாலும் விழித்திரை பாழாகும்.

பலர் வலியை மட்டுமே கேட்டு விட்டுவிடுகிறார்கள். 1990-களில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட தொற்று வந்த 420 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வலியே இல்லை. பார்வை மங்கியது மட்டும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்தது. இந்தத் தொற்று அரிது; ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் கிருமிக்கொல்லி செலுத்தும் பழக்கம் வந்த பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் வந்தவருக்கு அது ஒரு கண்.

சில வாரம் கழித்துக் கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது போலவோ, ஓரத்தில் திரை விழுந்தது போலவோ இருந்தால் அது விழித்திரை விலகலாக இருக்கலாம். அதற்கும் அன்றைக்கே வர வேண்டும். மாதங்கள், வருடங்கள் கழித்து மெல்ல மங்கினால் பெரும்பாலும் லென்ஸின் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும். அதை லேசரில் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம், அவசரம் இல்லை. புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று கலங்குகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கண்ணாடிக்கு அளவெடுப்பது புண் ஆறி, பார்வை நிலைப்பட்ட நாலிலிருந்து ஆறு வாரத்துக்குப் பிறகுதான்.

நோயாளி கையில் கொடுக்கும் காகிதத்தில் இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கடியில் பெரிய எழுத்தில் இப்படி எழுதுங்கள்: பார்வை நேற்றைவிடக் குறைந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே வரவும்.