கழிமுகம்: மீன்குஞ்சுகளின் காப்பிடம்

பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் வழியும் நீர் தென்பெண்ணையாற்றைச் சேர்கிறது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக்கடலை அடைகிறது. அக்கழிமுகத்தில் நிகழ்வதைக் காண்போம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே ஆற்றுநீரினும் கனமான அது, ஓதம் ஏறும்போது ஆற்றின் அடிப்பகுதி வழியே ஆப்பு போல உட்புகுகிறது. நன்னீர் அதன் மேலாகக் கடலை நோக்கிச் செல்கிறது. இரண்டும் உராயுமிடத்தில் சுழல்கள் எழுந்து நீர் கலக்கிறது.

நாளுக்கு இருமுறை உப்பின் அளவு ஏறி இறங்குவதால், குஞ்சுகளை உண்ணும் பெரிய கடல்மீன்கள் பல இங்கு தங்குவதில்லை. கலங்கிய, ஆழமற்ற நீர் குஞ்சுகளை மறைக்கிறது. ஆறு கொணரும் சத்துகளால் நுண்ணுயிர்கள் பெருகி அவற்றுக்கு இரையாகின்றன. கடலில் பிறக்கும் மடவைக் குஞ்சுகளும் வெள்ளை இறால் குஞ்சுகளும் ஓதத்தோடு உள்ளே வந்து, சில மாதங்கள் வளர்ந்து, கடலுக்குத் திரும்புகின்றன.

ஆற்றில் நீர்வரத்து குறைந்தால், அலைகள் குவிக்கும் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடக்கூடும். குஞ்சுகளுக்கு வழியில்லாது போகும். ஆகவே கடலைச் சேரும் ஆற்றுநீரை வீணென்று நாம் கருதலாகாது. அது குஞ்சுகளுக்குக் கதவைத் திறந்து வைக்கும் நீர்.