மின்தடையாக்கியின் நிற வளையங்கள்

மின்சுற்றுப் பலகை ஒன்றை உற்றுநோக்கினால், அரிசிமணியைவிடச் சற்றே பெரிய உருளைகள் பல அதில் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். இவையே மின்தடையாக்கிகள். ஒவ்வொன்றின் உடலிலும் நான்கு அல்லது ஐந்து நிற வளையங்கள் இருக்கும். இத்துணைச் சிறிய வளைந்த பரப்பில் எண்களை அச்சிட்டால் அவற்றைப் படிப்பது கடினம். எண்கள் பலகையின் பக்கம் திரும்பிவிட்டால் மறைந்தும்விடும். உருளையைச் சுற்றி அமைந்த வளையமோ எப்பக்கத்திலிருந்து நோக்கினும் தெரியும். ஆகவேதான் எண்களுக்கு மாற்றாக நிறங்கள் பயன்படுத்தப்படுகின்றன.

ஒவ்வொரு நிறமும் ஓர் இலக்கத்தைக் குறிக்கிறது. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9 என்பது அதன் வரிசை. சிவப்பு முதல் ஊதா வரையுள்ள நிறங்கள் பெரும்பாலும் வானவில்லின் வரிசையிலேயே அமைந்திருப்பதால் இதனை நினைவில் வைத்தல் எளிது.

நான்கு வளையங்கள் உடைய மின்தடையாக்கியில் முதல் இரு வளையங்கள் இரண்டு இலக்கங்களைத் தருகின்றன. மூன்றாம் வளையம், அவ்விலக்கங்களை அடுத்து எத்தனை சுழியங்கள் இடவேண்டும் என்பதைக் கூறுகிறது. நான்காம் வளையம் மாறுபாட்டளவைக் குறிக்கிறது. அது பொன்னிறமாயின் 5 விழுக்காடு, வெள்ளி நிறமாயின் 10 விழுக்காடு ஆகும். சான்றாக, மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன்னிறம் என்னும் வளையங்களைக் கொள்வோம். மஞ்சள் 4, ஊதா 7. சிவப்பு இரண்டு சுழியங்கள். எனவே இதன் மதிப்பு 4700 ஓம். இதில் 5 விழுக்காடு என்பது 235 ஓம். ஆதலால் இதன் உண்மையான மின்தடை 4465 ஓமுக்கும் 4935 ஓமுக்கும் இடையில் எங்கேனும் அமையலாம்.

இங்கு எந்த முனையிலிருந்து படிப்பது என்னும் ஐயம் எழுவதில்லை. பொன்னிறமும் வெள்ளி நிறமும் எந்த இலக்கத்தையும் குறிப்பதில்லை. ஆகவே அவை முதல் வளையமாக வரமாட்டா. அவை உள்ள முனையை வலப்புறம் வைத்து, இடப்புறத்திலிருந்து படித்தல் வேண்டும்.

ஐந்து வளையங்கள் உடையவற்றில்தான் சிக்கல் தோன்றுகிறது. இவற்றில் முதல் மூன்று வளையங்கள் இலக்கங்களையும், நான்காவது சுழியங்களின் எண்ணிக்கையையும், ஐந்தாவது மாறுபாட்டளவையும் தருகின்றன. மாறுபாட்டளவு 1 விழுக்காடாயின் இறுதி வளையம் பழுப்பு. அப்பழுப்பே 1 என்னும் இலக்கமும் ஆகும். பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு என்று ஒரு முனையிலிருந்து படித்தால் 100 என்னும் எண்ணை அடுத்து ஒரு சுழியம் வர, 1000 ஓம் கிடைக்கிறது. அதனையே மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு என்றாகிறது. அப்போது 110 என்னும் எண்ணை அடுத்துச் சுழியம் எதுவும் இல்லை. எனவே 110 ஓம். இவ்விரு மதிப்புகளிலும் மின்தடையாக்கிகள் விற்கப்படுவதால், விடையை மட்டும் பார்த்துப் பிழையைக் கண்டறிய இயலாது.

இப்பிழையின் விளைவு யாது? 5 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு சிவப்பு ஒளி உமிழ் டையோடு இணைக்கப்படுவதாகக் கொள்வோம். டையோடுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போக, எஞ்சிய 3 வோல்ட் மின்தடையாக்கியின் குறுக்கே அமைகிறது. மின்தடை 1000 ஓம் எனில் 3 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அவ்விடத்தில் 110 ஓம் மின்தடையாக்கி தவறுதலாகப் பொருத்தப்பட்டால் மின்னோட்டம் ஏறத்தாழ 27 மில்லி ஆம்பியராக உயரும். இத்தகைய சிறு டையோடுகள் பல, தொடர்ச்சியாக 20 மில்லி ஆம்பியர் வரையே தாங்கக்கூடியவை. எனவே அது மிகுதியாக ஒளிர்ந்து, சூடேறி, விரைவில் பழுதடையக்கூடும்.

மாறுபாட்டளவைக் குறிக்கும் வளையம் பிற வளையங்களிலிருந்து சற்று விலகியோ, சற்று அகலமாகவோ அமைவது வழக்கம். அதனைக் கொண்டு படிக்கும் திசையை அறியலாம். ஆயினும் மிகச் சிறிய உருளைகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. மேலும், மங்கிய மஞ்சள் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தோன்றும். வெப்பத்தால் கருகிய சிவப்பு பழுப்பாகத் தெரியும்.

ஐயம் நீங்காதபோது மல்டிமீட்டரால் அளந்து பார்த்தலே தக்க வழி. மின்வழங்கலை நிறுத்தி, மின்தடையாக்கியின் ஒரு முனையையேனும் சுற்றிலிருந்து விடுவித்த பின்னரே அளத்தல் வேண்டும். இல்லையேல் அதனுடன் பக்க இணைப்பில் உள்ள பிற பாதைகள் அளவைக் குறைத்துக் காட்டும். மேற்கண்ட பழுப்பு வளைய மின்தடையாக்கியை அவ்வாறு அளக்கும்போது 990 ஓமுக்கும் 1010 ஓமுக்கும் இடைப்பட்ட அளவு கிடைத்தால் முதலில் படித்த திசை சரி; 110 ஓமை ஒட்டிய அளவு கிடைத்தால் மறுமுனையே தொடக்கமாகும்.