ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்...

"சார்ஜ் ஏறல" என்று சொல்லி லேப்டாப்பைக் கடையில் நீட்டினால், ஜாப் ஷீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவார்கள்: லேப்டாப் 1, நோ சார்ஜிங். நாளைக்குத் தகராறு வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்த வரி மட்டுமே. மூடியின் ஓரத்தில் உள்ள விரிசல் முன்பே இருந்ததா, கடையில் வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தச் சார்ஜ் கோளாறையே எடுத்துக்கொள்வோம். கூட வரும் சாமான் எதையும் கடையில் விடக்கூடாது என்பார்கள். பைக்கும் மவுஸுக்கும் அது சரி. யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கும் மவுஸ் ரிசீவரையும் மெமரி கார்டையும்கூட மறக்காமல் உருவிவிட வேண்டும். ஆனால் சார்ஜர் கட்டாயம் போக வேண்டும். கோளாறே அதில் இருக்கலாம். ஷீட்டில் "சார்ஜர் 1" என்று மட்டும் எழுதவிடாமல், அடாப்டரின் மேல் அச்சாகியிருக்கும் வாட்டையும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒரிஜினல் போய் டூப்ளிகேட் திரும்பி வந்தால் கேட்க முடியும்.

கடைக்காரர் முன்னாலேயே போனில் சில படங்கள் எடுத்துக்கொள்ளலாம்: மூடி, கீல் இரண்டும், போர்ட் பக்கங்கள், அடிப்பாகம். அடிப்பாகத்தில் சீரியல் எண் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே காணாமல் போன திருகு இருந்தால் அதுவும். மெஷின் ஓடுகிறதென்றால் Task Manager திறந்து, Performance பக்கத்தில் Memory, Disk இரண்டையும் படம் எடுங்கள். எத்தனை ஜிபி ரேம், எந்த மாடல் டிஸ்க் என்பது அதில் பதிவாகிவிடும்.

பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருக்கும்போதே கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். அறவே ஆன் ஆகவில்லையா? பல மாடல்களில் எஸ்எஸ்டி தனியாகக் கழலும். சார்ஜிங் வேலைக்கு அது தேவையில்லை என்பதால், "எதிரிலேயே கழட்டிக் கொடுத்துடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். சில மெல்லிய மாடல்களில் அது போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி இல்லை.

பலரும் மாட்டிக்கொள்வது பிட்லாக்கரில்தான். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டாக்கப்படுகிறது. நாம் கவனிப்பதே இல்லை. அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பகுதியை நம்பியிருக்கிறது. சார்ஜிங் கோளாறுக்காகப் போர்டையே மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் எடுக்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவதுதான் மிச்சம். இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொடுக்கும் முன் Command Prompt செயலியை Run as administrator முறையில் திறந்து இதை அடியுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்பதன் கீழே வரும் நீண்ட எண்தான் அந்தச் சாவி. அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மெஷின் ஓடாவிட்டால், வேறு போனிலிருந்து aka.ms/myrecoverykey போய் உங்கள் கணக்கில் தேடலாம்.

அடுத்து, "பாஸ்வேர்டு என்ன மேடம்?" என்ற கேள்வி. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே சத்தம் வராமல் செய்த லேப்டாப்களைக் கடைகளில் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ரகசியமாகப் பதிவு செய்தார்கள். 6 இடங்களில் சொந்தக் கோப்புகளை எட்டிப் பார்த்திருந்தார்கள். 2 இடங்களில் நகலே எடுத்திருந்தார்கள்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கப் பாஸ்வேர்டு எதற்கு? லாகின் திரையிலேயே பேட்டரிச் சின்னம் தெரியும். கீபோர்டு, ஸ்பீக்கர் போன்ற வேலைகளுக்கு உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், Settings-ல் Accounts, பிறகு Other users போய் ஒரு தனி லோக்கல் கணக்கு திறந்து அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அது Standard வகையாகவே இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை ஜாப் ஷீட்டில் எழுதவே கூடாது; அதை வைத்து உங்கள் மெயிலையும் ஒன்டிரைவையும்கூடத் திறக்கலாம்.

திரும்ப வாங்கும்போது, போர்டு மாற்றியிருந்தால் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே உள்ள சீரியல் எண் அடிப்பாகத்து ஸ்டிக்கரோடு ஒத்துப்போக வேண்டும். சில நேரம் புதிய போர்டில் அந்த இடம் காலியாக விட்டிருக்கும். அப்படியே வாங்கி வந்தால் கம்பெனியின் டிரைவர், வாரண்டி மென்பொருள்கள் மெஷினை அடையாளம் காணாமல் போகலாம். அந்த எண்ணை ஏற்றித் தந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.