மயில் கழுத்து ஏன் பாசி நிறமாக வந்தது?

நீலப் பாவு, பச்சை ஊடை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வரும் கைத்தறிக் காட்டன் புடவையைத்தான் மயில் கழுத்து என்கிறோம். கடைக்காரர் அதைப் பிரித்து இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினால், மடிப்பின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். அதே புடவையை மேஜையில் விரித்து, மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டால் இரண்டும் இல்லாத ஒரு நடுவாந்தர நிறம்தான் கிடைக்கும். வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் ‘படத்தில் பார்த்தது இது இல்லையே’ என்கிறார். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையைக் காட்டவும் இல்லை.

டபுள் கலர் புடவைக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும். தட்டையாக விரித்தது ஒன்று, கொசுவம் வைத்து மடித்தது ஒன்று, துணியைக் கால் வட்டம் திருப்பி அதே வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று. பத்து விநாடி அசைத்துக் காட்டும் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. கீழே ‘பாவு நீலம், ஊடை பச்சை’ என்று எழுதிவிட்டால், விவரம் தெரிந்தவர் படத்தைப் பார்க்காமலே புரிந்துகொள்வார்.

அடுத்த குற்றவாளி கேமரா. முழுப் படத்தையும் நீலத் துணி நிறைத்திருந்தால், வெளிச்சமே நீலமாக இருக்கிறது என்று போன் முடிவு செய்து, அதைச் சரிக்கட்ட மஞ்சளைக் கூட்டிவிடும். ஆழ்ந்த நீலம் வெளிறிப் பாசி நிறமாவது இப்படித்தான். அரக்குச் சிவப்பு மங்கிப்போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். போட்டோ சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையைப் புடவையின் ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு எடிட்டிங் செயலியில் வொயிட் பேலன்ஸ் கருவியால் அந்த அட்டையைத் தொட்டால் நிறம் நேராகும். அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் போடலாம். வெள்ளை வேட்டியை வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். நம் வேட்டிகளில் நீலமோ வெண்மையூட்டியோ ஏறியிருக்கும், அதை நம்ப முடியாது.

வெளிச்சத்தைக் கலக்காமல் இருப்பதும் முக்கியம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், டியூப்லைட் ஒரு பக்கம் என்றால் எந்த அட்டையாலும் காப்பாற்ற முடியாது. விளக்குகளை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் எடுக்கலாம். எடுத்த படத்தை அதே இடத்தில் புடவைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். வாங்குபவரின் போன் திரை எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் வெங்காயத் தோல், கிளிப்பச்சை, கத்திரிப்பூ மாதிரி எல்லாரும் அறிந்த நிறப் பெயரைச் சேர்ப்பது உதவும். ‘ராயல் எலிகன்ட் ப்ளூ’ யாருக்கும் எதையும் சொல்லாது.

நெசவைக் காட்ட ஃபிளாஷ் கூடாது. எதிரிலிருந்து அடிக்கும் ஒளி இழையின் மேடுபள்ளத்தை அழித்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒரு ஸ்கேலைத் துணியின் மேலேயே வைத்து நெருக்கமாக எடுக்க வேண்டும். அப்போது கரை இரண்டு அங்குலமா நான்கு அங்குலமா என்பதும் தெரிந்துவிடும். ஒற்றை மடிப்புக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம் எடுத்தால், துணி எவ்வளவு மெல்லியது, உள்பாவாடை நிறம் தெரியுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். காட்டன் என்றால் கஞ்சி போட்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். படத்தில் விறைப்பாக நிற்கும் துணி, ஒரு துவைப்புக்குப் பிறகு அப்படி நிற்காது.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘நீளம் 6.2 மீட்டர்’ என்று மட்டும் போட்டால் தாராளமாகத் தெரியும். அதில் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி. வெட்டிய பிறகு புடவை 5.4 மீட்டர். துவைத்ததும் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் ஏறத்தாழ 5.24 மீட்டர்தான் மிஞ்சும். 46 அங்குல அகலமும் அதே கணக்கில் சுருங்கினால் 44.6 ஆகிவிடும், உயரமான பெண்ணுக்குக் கணுக்கால் தெரியும். கைத்தறியில் ஒரு புடவைக்கும் அடுத்ததற்கும் சிறிது வித்தியாசம் இருக்கும் என்பதால், பொதுவான அளவைப் போடாமல் அந்தப் புடவையையே அளந்து, ரவிக்கையைத் தனியாகவும் அகலத்தைத் தனியாகவும் எழுத வேண்டும். கட்டிக் காட்டும் பெண்ணின் உயரத்தையும் சொன்னால் கணக்கு எளிது. சாயம் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் நிறம் சற்று மாறும் என்பதால் பழைய படத்தையே புதிய சரக்குக்குப் போடுவதும் தவறு.

‘நிறம் சிறிது மாறுபடலாம்’ என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று சில விற்பனையாளர்கள் நினைக்கிறார்கள். தீராது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மைகள் பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது.