‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடலாமா?

“நேற்று இரவு ஷிஃப்டில் பவர் பிரஸ் ஆபரேட்டர் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதால் விரலில் அடிபட்டது. பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மெஷின் சரியாக உள்ளது. இனி கவனமாக இருக்க அனைவருக்கும் அறிவுறுத்தப்பட்டது.”

தகடு வெட்டும் சிறு பட்டறைகளில் விபத்து அறிக்கை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது இது. இதைப் பிரித்து, என்ன நடந்தது, எப்போது, ஏன், என்ன காயம், இனி யார் என்ன செய்வார் என்று ஐந்து பகுதிகளாக மாற்றி எழுதிப் பார்ப்போம்.

முதல் பகுதியில் கண்ணால் பார்க்கக்கூடியது மட்டும் இருக்க வேண்டும். ‘கவனக்குறைவு’, ‘சொல்லியும் கேட்கவில்லை’ இரண்டும் தீர்ப்புகள். இங்கே அவற்றுக்கு இடமில்லை. விசாரித்து எழுதினால் இப்படி வரும்: ‘வெட்டிய துண்டு டையில் சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் அதை வலது கையால் எடுக்கப் போனார். அப்போது ரேம் கீழே இறங்கியது. பிரஸ் ஃபுட் பெடலில் ஓடிக்கொண்டிருந்தது.’ கடைசி வாக்கியம் பழைய அறிக்கையில் இல்லவே இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை ‘நேற்று இரவு’ போதாது. பத்து மணி ஷிஃப்டில் அதிகாலை 3.10க்கு நடந்தால் தேதியே மாறிவிடுகிறது. எந்த நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். கேமரா கடிகாரமும் வருகைப்பதிவுக் கருவியும் சில நிமிடம் வேறுபடுவது சாதாரணம். தொடக்கத்தையும் சற்றுப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கதை பத்து நாளைக்கு முன்பே தொடங்குகிறது: இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ரேம் இறங்கும் பொத்தான்களில் ஒன்று கெட்டுப்போய், தற்காலிகமாகப் பெடல் மாட்டியிருக்கிறார்கள்.

காரணத்தை இதற்குப் பிறகுதான் எழுத முடியும். கை ஏன் உள்ளே போனது? துண்டு சிக்கியது. ஏன் சிக்கியது? துண்டை வெளியே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஏன் இடுக்கியால் எடுக்கவில்லை? அந்த மெஷினருகே இடுக்கியே இல்லை. கை உள்ளே இருக்கும்போது ரேம் எப்படி இறங்கியது? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. அவர் கால் தெரியாமல் பெடலில் பட்டிருக்கலாம். அல்லது, பழைய வகைக் கிளட்ச் பிரஸ்களில் சாவியோ ஸ்பிரிங்கோ தேய்ந்தால் ஒருமுறை மிதித்ததற்கு ரேம் இரண்டுமுறை இறங்குவதுண்டு, அதுவும் நடந்திருக்கலாம். முதலாவது என்றால் பெடலை எடுக்க வேண்டும். இரண்டாவது என்றால் பெடலை எடுத்தாலும் ஆபத்து தீராது, கிளட்ச்சைப் பிரித்துப் பழுதுபார்த்தாக வேண்டும். அடுத்த ஷிஃப்டில் நன்றாக ஓடியது என்பதை மட்டும் வைத்து ‘மெஷின் சரியாக உள்ளது’ என்று எழுதக் கூடாது. தேய்ந்த கிளட்ச் நூறுமுறை சரியாக இறங்கி அடுத்த முறை பிசகும். பிரித்துப் பார்க்கும்வரை ‘உறுதியாகவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. அதுவரை அந்த பிரஸ் பூட்டியே இருக்க வேண்டும்.

காயத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதினால் போதும்: எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு, என்ன சிகிச்சை, எத்தனை நாள் ஓய்வு. விபத்துக்குப் பின் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘விரலில் அடி’ என்று எழுதினால் இந்தக் கடமையே கண்ணில் படாமல் போய்விடும்.

கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன. ‘அறிவுறுத்தப்பட்டது’ என்பதால் பட்டறையில் எதுவும் மாறவில்லை. ‘பராமரிப்புத் துறை கவனிக்கும்’ என்றாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பெயர், ஒரு தேதி, முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்ற மூன்றும் வேண்டும். இருகைப் பொத்தானைத் திரும்ப மாட்டும் வேலையை ஷிஃப்ட் சூப்பர்வைசர் பெயரில் போடுவது வீண்; பொத்தான் வாங்கப் பணம் ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது ஆலை மேலாளர் பெயரில் வர வேண்டும். கிளட்ச்சைப் பிரித்துப் பார்ப்பது பராமரிப்புப் பொறியாளர் பொறுப்பு, இடுக்கி வைப்பதும் தினமும் சரிபார்ப்பதும் சூப்பர்வைசர் பொறுப்பு. வேலையைச் செய்தவரே ‘முடிந்தது’ என்று கையெழுத்திடக் கூடாது, வேறொருவர் நேரில் பார்த்துப் போட வேண்டும். ஒரு பொத்தானை மட்டும் அழுத்தி, ரேம் இறங்கவில்லை என்று காண்பது அப்படிப்பட்ட சோதனை.

பழைய அறிக்கையில் அடிபட்டவர் சொன்னது ஒரு வரிகூட இல்லை. அறிக்கை எழுதும் சூப்பர்வைசர்களே, கையெழுத்துப் போடுமுன் அதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏற்காத இடம் இருந்தால் அழிக்காமல், அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுதிவையுங்கள்.