தங்கம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு

சேமிப்பு முழுவதையும் தங்கத்தில் வைத்திருக்கும் ஒருவரிடம், "அதில் முக்கால்வாசியை எடுத்துப் பங்குச்சந்தையில் போட்டாலும் உங்கள் ரிஸ்க் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்பமாட்டார். பங்குகளின் விலை தங்கத்தைவிட அதிகமாக ஆடும் என்பது அவருக்குத் தெரியும். அதிகம் ஆடுவதைச் சேர்த்தால் மொத்தமும் அதிகமாகத்தானே ஆடும்?

அப்படி இல்லை என்று 1952-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்கரான ஹாரி மார்க்கோவிட்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது அவர் மனதில் உதித்த யோசனை அது. 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 24. 1990-ல் மெர்ட்டன் மில்லர், வில்லியம் ஷார்ப் ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய கணக்கை எளிய எண்களில் போட்டுப் பார்ப்போம். இவை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சந்தை இப்படித்தான் நடக்கும் என்ற கணிப்பு அல்ல. தங்கம் ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதமும், பங்குகள் 12 சதவீதமும் தருவதாக வைத்துக்கொள்வோம். இந்தச் சராசரியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு விலகிப் போகிறது என்பதைத் திட்ட விலக்கம் என்ற அளவால் சொல்வார்கள். தங்கத்துக்கு அது 15, பங்குகளுக்கு 20 என்று கொள்வோம். தங்கத்தின் 15-க்கு என்ன அர்த்தம்? மூன்றில் இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ 7 சதவீத நஷ்டத்துக்கும் 23 சதவீத லாபத்துக்கும் இடையில் எங்காவது இருக்கும். இந்த ஆட்டத்தைத்தான் மார்க்கோவிட்ஸ் ரிஸ்க் என்றார்.

இப்போது 72 சதவீதம் பங்கு, 28 சதவீதம் தங்கம் என்று கலக்கிறோம். வருமானத்தை நேராகக் கூட்டலாம்: 10.88 சதவீதம். ரிஸ்க்கை அப்படிக் கூட்ட முடியாது. பங்கின் பக்கம் 20-ல் 72 சதவீதம், அதாவது 14.4. தங்கத்தின் பக்கம் 15-ல் 28 சதவீதம், அதாவது 4.2. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கினால்தான் மொத்தம் 18.6 ஆகும். ஒன்றின் போக்குக்கும் மற்றதன் போக்குக்கும் சம்பந்தமே இல்லையென்றால், பள்ளியில் படித்த செங்கோண முக்கோணத்தின் கணக்குதான் இங்கே. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15. தங்கத்தை மட்டும் வைத்திருந்தபோது இருந்த அதே 15! ரிஸ்க் மாறவில்லை, வருமானம் 8-லிருந்து 10.88-க்குப் போய்விட்டது. ஒன்று சரியும் ஆண்டில் மற்றதும் சேர்ந்து சரியவேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் காரணம்.

தங்கம் மட்டும் என்பதிலிருந்து தொடங்கிப் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் முதலில் ரிஸ்க் குறைந்துகொண்டே வரும். 36 சதவீதப் பங்கில் அது 12 ஆகிறது, அதுதான் அடிமட்டம். அதற்குமேல் வருமானம் கூடக் கூட ரிஸ்க்கும் கூடும். எல்லாக் கலவைகளையும் தாளில் புள்ளிகளாக வைத்தால் இடப்பக்கம் புடைத்த ஒரு வளைகோடு கிடைக்கும். அடிமட்டத்துக்கு மேலே ஏறும் பகுதிக்குத்தான் 'எஃபிஷியன்ட் ஃப்ரான்டியர்' என்று பெயர். திறன்மிகு எல்லைக்கோடு எனலாம். அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நிற்பது என்பது அவரவர் மனத்துணிவைப் பொறுத்தது. ஆனால் கோட்டுக்குக் கீழே நிற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. அங்கே இருப்பவர், ஏற்றுக்கொண்ட ரிஸ்க்குக்கு உரிய வருமானத்தைக் கைவிடுகிறார்.

கணக்கு சரிதான், அதில் போடும் எண்களில்தான் வில்லங்கம். வருங்காலச் சராசரியும் ஆட்டமும் யாருக்கும் தெரியாது, பழைய ஆண்டுகளை வைத்து ஊகிக்கிறோம். அதைவிட, தனித்தனியே ஆடுபவை எப்போதும் தனித்தனியே ஆடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2008 நெருக்கடியில் பல நாடுகளின் பங்குச்சந்தைகள் சேர்ந்தே விழுந்தன. நம் உதாரணத்தில் பங்குக்கும் தங்கத்துக்கும் உள்ள ஒட்டுறவு பூஜ்யத்திலிருந்து 0.5 ஆனால், அதே 72-28 கலவையின் ரிஸ்க் 15-லிருந்து ஏறக்குறைய 17 ஆகிவிடும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வழியில் வந்த 14 நுட்பமான முறைகளை, எல்லாவற்றிலும் சமமாகப் பிரித்துப் போடும் எளிய முறையோடு ஒப்பிட்டார்கள். எந்த முறையாலும் அதைத் தொடர்ந்து வெல்ல முடியவில்லை. மார்க்கோவிட்ஸே தன் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குக்குப் பாதி, கடன் பத்திரத்துக்குப் பாதி என்றுதான் பிரித்தாராம்.

ஆகவே தசமப் புள்ளிவரை துல்லியமாகப் பிரித்துத் தருவதாகச் சொல்பவரை நம்பிவிட வேண்டாம். கலவை என்ற அடிப்படையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்மில் பலர் ஐந்து மியூச்சுவல் ஃபண்டுகளில் பணம் போட்டுவிட்டுப் பிரித்துப் போட்டதாக நினைக்கிறோம். ஐந்தும் பெரிய நிறுவனங்களின் பங்கை வாங்கும் ஃபண்டுகள் என்றால், அவை பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஃபண்ட் நிறுவனங்கள் என்னென்ன பங்கு வைத்திருக்கின்றன என்ற பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகின்றன. ஆறாவது ஃபண்டை வாங்குமுன் அந்தப் பட்டியலின் முதல் 10 பெயர்களை, கையிலுள்ள ஃபண்டுகளின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அதை வாங்காதீர்கள்.