முராபஹா ஒரு விற்பனை

துபாயில் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு 1,00,000 திர்ஹம் விலையுள்ள இயந்திரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இஸ்லாமிய வங்கி அவர் கையில் பணத்தைத் தராது. வங்கி இயந்திரத்தை வாங்கினால் அதைத் தான் வாங்கிக்கொள்வதாக முதலில் அவர் வாக்கு எழுதிக் கொடுக்கிறார். பிறகு வங்கி அதை வியாபாரியிடம் வாங்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அடக்கவிலை 1,00,000, லாபம் 8,000 என்று வெளிப்படையாகச் சொல்லி, 1,08,000 திர்ஹத்துக்கு அவருக்கு விற்கிறது. மாதம் 9,000 வீதம் 12 தவணை. இதுதான் முராபஹா.

அரபி ஒப்பந்தத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது 'காஸ்ட் பிளஸ் சேல்' என்று எழுதினால் பொருள் சரியாக வந்துவிடும். 'லோன்' என்று எழுதினால் நடுவிலிருக்கும் ஒரு கட்டமே காணாமல் போய்விடும். அரை நாளாவது அந்த இயந்திரம் வங்கியின் சொத்தாக இருக்கிறது. அந்நேரம் அது தீப்பிடித்தால் நட்டம் வங்கிக்கு. அந்தப் பொறுப்பை ஏற்பதால்தான் அந்த லாபம் ஆகுமானது. தாமதக் கட்டணத்தை 'லேட் இன்ட்ரஸ்ட்' என்று எழுதுவதும் பிழைதான். தவணை தவறினாலும் விலை 1,08,000ஐத் தாண்டக் கூடாது. தாமதத்துக்காக வசூலிக்கும் தொகை பொதுவாகத் தருமத்துக்குப் போக வேண்டும், வங்கியின் வருமானத்தில் சேரக் கூடாது.

அந்த நடுக்கட்டம் உண்மையில் நடந்ததா என்பதைத் தேதிகளே சொல்லிவிடும். வியாபாரியின் பில் வங்கியின் பெயரில், மறுவிற்பனைக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பணம் நேராக வாடிக்கையாளர் கணக்குக்குப் போயிருந்தால் முராபஹா வெறும் காகிதத்தில்தான் இருக்கிறது.

பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் வங்கதேசத்தின் பெக்சிம்கோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு இதைச் சுற்றியதுதான். இவை முராபஹா என்ற பெயரில் வந்த வட்டிக் கடன்கள், ஷரியத்தின்படி செல்லாது என்று கடனாளிகள் வாதிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஷரியத்தின் கொள்கைகளும் இங்கிலாந்துச் சட்டமும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஒரு நாட்டின் சட்டம்தான் ஒப்பந்தத்தை ஆள முடியும் என்று 2004இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனாளிகள் தோற்றார்கள்.

சுகூக் என்பதும் இப்படித்தான் சிக்குகிறது. அது 'ஸக்' என்ற சொல்லின் பன்மை. ஸக் என்றால் பத்திரம். ஆங்கிலத்தில் 'இஸ்லாமிக் பாண்ட்' என்கிறார்கள். பாண்ட் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர். சுகூக் வைத்திருப்பவரோ ஒரு கட்டடத்திலோ தொழிலிலோ பங்குதாரர், அதன் வாடகையோ லாபமோதான் அவருக்கு வருமானம். ஆனால் பல சுகூக்களில், முதலைத் திரும்பக் கொடுத்து அந்தப் பங்கை வாங்கிக்கொள்வதாக வெளியிட்டவர் தனியாக உறுதிமொழி எழுதித் தருகிறார். 2017இல் ஷார்ஜாவின் டானா காஸ் தன் 70 கோடி டாலர் சுகூக் ஷரியத்துக்கு ஒவ்வாததால் அமீரகச் சட்டப்படி செல்லாது என்றது. இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட அந்த உறுதிமொழி செல்லும் என்று லண்டன் நீதிமன்றம் சொன்னது. சுகூக் ஆவணத்தின் ஆங்கில வடிவம் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான்: சொத்து யார் பெயரில் இருக்கிறது, திரும்ப வாங்கும் விலை முன்கூட்டியே முதலுக்குச் சமமாகக் கட்டப்பட்டிருக்கிறதா, அந்த உறுதிமொழியை எந்த நாட்டுச் சட்டம் ஆள்கிறது.